ஸ்டென்ட், பைபாஸ் முடிந்து வீடு வந்தபின் முதல் 12 கிழமை: நடையும் புகையை விடுவதும்

வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட், ஒரு பை நிறையக் குளிசை, அடுத்த கிளினிக் திகதி ஆகிய மூன்றும் இருக்கும். "இனி சிகரட் தொடக்கூடாது, கொஞ்சம் நடவுங்கோ" என்று வாய்ச்சொல்லாக ஒரு வரியும் கிடைத்திருக்கும். எப்படி விடுவது, எவ்வளவு நடப்பது என்பதை அந்த நெரிசலில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை வீட்டில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான் இங்கே சொல்லப்படுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. உங்கள் டொக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

ஸ்டென்ட் அடைப்பை எடுத்தது, நோயை எடுக்கவில்லை

ஸ்டென்ட் என்பது இரத்தக்குழாயின் ஓரிடத்தை விரித்துப் பிடித்திருக்கும் சிறிய உலோக வலைக்குழாய். பைபாஸ் என்பது அடைத்த இடத்தைச் சுற்றிப் போட்ட மாற்றுப்பாதை. இரண்டுமே குறிப்பிட்ட இடங்களைத்தான் சரிசெய்கின்றன. மற்றக் குழாய்களின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கிறது. அந்தப் படிவு எங்கேயாவது வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டியாகும்போதுதான் பெரும்பாலான மாரடைப்புகள் வருகின்றன.

இந்த இரத்தம் கட்டியாவதுதான் சிகரட்டோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம். புகை உள்ளே போனதும் இரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை கூடுகிறது. நிக்கொட்டின் குழாயை இறுக்கி இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு, ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது இதயத்துக்கு வேலை கூடுகிறது, வரும் ஒட்சிசன் குறைகிறது, இரத்தமும் கட்டியாகத் தயாராக நிற்கிறது. நீங்கள் தினமும் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் குடிப்பது இரத்தத்தட்டுகள் ஒட்டாமல் இருப்பதற்காகத்தான். அந்தக் குளிசையை விழுங்கிவிட்டுச் சிகரட் பத்தினால், ஒரே கயிற்றை நீங்களே இரண்டு பக்கமும் இழுக்கிறீர்கள்.

நிறுத்தினால் பலன் வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அது ஓரளவு உண்மை. இதயத்துக்கு அப்படியல்ல. காபன் மொனொக்சைட்டு ஒன்றிரண்டு நாளில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். இரத்தத்தட்டுகளின் ஒட்டும் தன்மை சில கிழமைகளில் குறைந்துவிடும்.

எவ்வளவு பலன் என்று கேட்டால், 2003 இல் 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு இருக்கிறது. ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்களில், புகையை விட்டவர்கள் இறப்பது தொடர்ந்து புகைத்தவர்களைவிட 36 சதவீதம் குறைவாகவும், உயிரைப் பறிக்காத மறு மாரடைப்பு 32 சதவீதம் குறைவாகவும் இருந்தது. மூன்றிலொரு பங்கு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குக்குச் சொன்னால், தொடர்ந்து புகைக்கும் 100 பேரில் 15 பேருக்கு மறுபடி மாரடைப்பு வரும் என்று வைத்துக்கொண்டால், அதே 100 பேரும் விட்டிருந்தால் அது 10 பேராக இருந்திருக்கும். இந்த 15 விளக்கத்துக்கு எடுத்த எண். உங்களுடைய ஆபத்து வயது, நீரிழிவு, இதயத்தின் பலம் என்பவற்றைப் பொறுத்தது.

"நாளைக்கு ரெண்டுதான்", "வெத்திலைதானே"

கிளினிக்கில் அதிகமாகக் கேட்கும் இரண்டு பதில்கள் இவை. இரண்டையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

20 சிகரட்டை 2 ஆகக் குறைத்தால் ஆபத்தும் பத்திலொன்றாகும் என்று கணக்குப் போடத் தோன்றும். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரட் பத்துபவருக்கு இருக்கும் மேலதிக இருதய ஆபத்து, 20 பத்துபவருடையதில் ஏறக்குறையப் பாதி. முதல் சிகரட்டிலேயே இரத்தத்தட்டுகள் விழித்துக்கொள்வதுதான் காரணம். ஆகவே குறைப்பது விடுவதற்கு ஒரு வழியாக இருக்கலாம், முடிவாக இருக்க முடியாது. ஸ்டென்ட் வைத்தவருக்குக் குறைத்துக் குறைத்து விடுவதைவிட ஒரே நாளில் நிறுத்துவதுதான் பொருத்தம்.

வெற்றிலையில் வைக்கும் புகையிலைக்குப் புகை இல்லை, காபன் மொனொக்சைட்டும் இல்லை. ஆனால் நிக்கொட்டின் இருக்கிறது, அதுவும் கன்னத்தில் அடக்கியிருக்கும் நேரமெல்லாம் ஊறிக்கொண்டிருக்கிறது. இலங்கையும் சேர்ந்திருந்த, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகையிலை மெல்லுபவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகவும், மெல்லுவதும் புகைப்பதும் இரண்டும் உள்ளவர்களுக்கு நான்கு மடங்காகவும் இருந்தது. சிகரட்டை விட்டுவிட்டு வெற்றிலையைக் கூட்டுவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. பாபுலும் இதே கணக்குத்தான். புகையிலையை எடுத்துவிட்டு வெறும் பாக்கும் சுண்ணாம்பும் போடலாமா என்றால், பாக்குக்கே இதயத்துடிப்பைக் கூட்டும் தன்மை உண்டு, வாய்ப்புற்றுநோய்க்கும் அது தனியான காரணம். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் கராம்பு, ஏலக்காய், பெருஞ்சீரகம் போதும்.

ஒருவரின் கணக்கு

54 வயது, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் வயல் செய்பவர், நாளுக்கு 15 சிகரட், சாப்பாட்டுக்குப்பின் புகையிலையோடு வெற்றிலை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து நான்காம் நாள் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு எடுத்த ஆள்தான், ஆனால் கிளினிக் வரிசையில் இவரைப்போல் பலர் நிற்பார்கள்.

இவர் அறியாமலேயே ஒரு பெரிய வேலை முடிந்துவிட்டது. நிக்கொட்டின் இல்லாத எரிச்சல், தூக்கமின்மை, ஏக்கம் எல்லாம் உச்சத்துக்குப் போவது இரண்டாம் மூன்றாம் நாளில். அந்த நாட்கள் வார்ட்டிலேயே கழிந்துவிட்டன. இனி 2 முதல் 4 கிழமைக்குள் மிச்சமும் படிப்படியாக அடங்கும். ஆபத்து இப்போது உடம்பில் குறைவு, வீட்டில்தான் கூட. பழைய கதிரை, பழைய பிளேன்டீக் கோப்பை, பழைய கூட்டாளிகள் எல்லாம் அங்கேதான் காத்திருக்கிறார்கள். மாரடைப்புக்குப்பின் புகையை விட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரு வருடத்துக்குள் திரும்பத் தொடங்குகிறார்கள், பெரும்பாலும் முதல் சில கிழமைகளில்.

அதனால் அவர் வாசலில் கால் வைக்கும் முன்பே வீட்டார் செய்ய வேண்டியது இருக்கிறது. சட்டைப்பை, மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கடி, வயல்வாடி, சாமிப்படத்துக்குப் பின்னால் என்று எங்கெல்லாம் பெட்டி இருக்கும் என்பது மனைவிக்குத் தெரியும். சிகரட்டோடு லைட்டரையும் சாம்பல் தட்டையும் எடுத்துவிட வேண்டும். வெற்றிலை வட்டாவை உள்ளே வையுங்கள். வீட்டில் மகனோ மருமகனோ புகைப்பவராக இருந்தால் வளவுக்கு வெளியேதான் பத்த வேண்டும். அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதே இருதய நோய் ஆபத்தைக் கால்வாசிக்கு மேல் கூட்டும்.

பிறகு ஒரு கடதாசியில் அந்த 15 சிகரட்டையும் எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். இவருடைய பட்டியலில் எழும்பியவுடன் தேநீரோடு ஒன்று, மலசலகூடத்துக்கு முன் ஒன்று, காலை உணவுக்குப்பின் ஒன்று, மதியச் சோற்றுக்குப்பின் ஒன்று, பின்னேரம் கடையடியில் நாலைந்து என்று வரும். மிச்சம் சும்மா கை போனபோது பத்தியது. சும்மா பத்தியவை தானாகவே போய்விடும். கஷ்டமானவை காலைத் தேநீர், மதியச் சோறு, பின்னேரக் கடையடி மூன்றும்தான்.

இந்த மூன்றில் காலையிலும் பின்னேரத்திலும்தான் நடைப்பயிற்சியை வைக்க வேண்டும். ஏக்கம் ஒருமுறை எழும்பினால் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தணிந்துவிடும், மெதுவான நடை அதை இன்னும் குறைக்கும். இருதய புனர்வாழ்வில் நடை ஒரு பக்கம், புகை விடுவது இன்னொரு பக்கம் என்று பிரித்துச் சொல்வதுண்டு. வீட்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே வேலையாகச் செய்வதுதான் இலகு.

முதல் கிழமை காலைத் தேநீரைக் குடித்தவுடன் எழும்பி, சமதரையில் 5 நிமிடம். பின்னேரம் கடைக்குப் போகும் நேரத்தில் கடைக்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு 5 நிமிடம். மதியம் சோறு சாப்பிட்டவுடன் நடக்கக்கூடாது. வாயைக் கொப்பளித்து, பல் துலக்கி, கராம்பை வாயில் போட்டு, சாப்பிட்ட இடத்தைவிட்டு எழும்பி வேறு இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் கிழமை 10 நிமிடம் இரண்டு தரம், மூன்றாம் கிழமை 15, நான்காம் கிழமை 20. ஆறாம் கிழமையளவில் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்கக்கூடியதாக இருக்கும். ஒருநாள் களைத்துப்போனால் மறுநாள் முந்திய அளவுக்குத் திரும்புங்கள்.

வேகத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. பாட்டுப் பாட முடிந்தால் கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம். நாடியை எண்ணிக்கொண்டு நடக்காதீர்கள். பிசோபிரலோல், மெட்டோபிரலோல், அட்டினொலோல் போன்ற குளிசை குடிப்பவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் நாடி பெரிதாக ஏறாது, அந்த எண் ஏமாற்றிவிடும்.

இடமும் நேரமும் இங்கே பெரிய விஷயம். கடற்கரை என்றால் இதமாக இருக்கும் என்று கல்லடியிலோ திருக்கோவிலிலோ மணலில் இறங்கி நடக்கத் தொடங்குவார்கள். மென்மணலில் நடப்பதற்குத் தார்வீதியில் நடப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி போகும். முதல் ஆறு கிழமை வீதியோரமோ பாடசாலை மைதானமோதான் நல்லது. பாலத்து ஏற்றங்களையும் நான்காம் கிழமைக்குப்பின் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது காலை 7 மணிக்கு முன், பின்னேரம் 5 மணிக்குப் பின். பிரஷர் குளிசையும் வெயிலும் சேர்ந்தால் தலை சுற்றி விழுவதுண்டு.

பைபாஸ் செய்தவருக்கு என்ன வித்தியாசம்

நடை அட்டவணை இதேதான். வித்தியாசம் நெஞ்செலும்பில். அதை நடுவே பிளந்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள், அது பொருந்த 6 முதல் 12 கிழமை எடுக்கும். அதுவரை தண்ணீர் வாளி, அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் தூக்கக்கூடாது. கட்டிலிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றித் தள்ளாமல், பக்கவாட்டில் புரண்டு காலைத் தொங்கப்போட்டு எழும்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை டொக்டர் சொல்லும்வரை மறந்துவிடுங்கள். கிரவல் வீதிக் குலுக்கல் நேராக நெஞ்செலும்புக்குத்தான் போகும்.

புகையை விட்டவர்களுக்கு முதல் கிழமைகளில் இருமலும் சளியும் கூடும், சுவாசக்குழாய் தன்னைத் துப்புரவாக்குகிறது. பைபாஸ் செய்தவர் இதற்குப் பயந்து இருமலை அடக்குவார், சளி உள்ளேயே தேங்கிக் காய்ச்சலாக மாறும். ஒரு சிறிய தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுங்கள். புரளும்போது நெஞ்சில் "கிளிக்" என்று எலும்பு உரசும் சத்தம் கேட்டாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ கிளினிக் திகதி வரும்வரை இருக்கக்கூடாது.

பிளேன்டீ, படபடப்பு, பல் பிடுங்குதல்

புகையை விட்ட முதல் கிழமையில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை என்பார்கள். இதயம் கெட்டுவிட்டது என்று பயந்து, "சிகரட்டை விட்டதால்தான் இப்படி" என்று ஒன்றைப் பத்திவிடுவார்கள். பலருக்கு இதற்குப் பின்னால் இருப்பது கஃபீன். சிகரட் புகை ஈரலைத் தூண்டி கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கிறது. விட்டபின் அதே ஆறு கோப்பைத் தேநீர், இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீனாக நிற்கும். தேநீரையும் கோப்பியையும் பாதியாகக் குறையுங்கள், பின்னேரம் 4 மணிக்குப்பின் வேண்டாம். இதே காரணத்தால் வார்பரின் குடிப்பவர்கள் புகையை விட்ட செய்தியை கிளினிக்கில் சொல்ல வேண்டும், இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்வார்கள். படபடப்போடு நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் அதைக் கஃபீன் என்று எண்ணி இருந்துவிடக்கூடாது.

ஏக்கம் தாங்க முடியாதவருக்கு தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டியும் நிக்கொட்டின் சூயிங்கமும் இருக்கின்றன. இருதய நோயாளிக்கு அது கூடாது என்ற பயம் பரவலாக உண்டு. நிலைமை சீராக உள்ளவர்களுக்கு அது சிகரட்டைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. மாரடைப்பு வந்து இரண்டு கிழமைக்குள் என்றால் மட்டும் டொக்டர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சூயிங்கத்தை இனிப்புச் சூயிங்கம்போல் விடாமல் மென்றால் நிக்கொட்டின் வயிற்றுக்குப் போய்க் குமட்டலும் விக்கலும் வரும், பிறகு "எனக்கு ஒத்துவரவில்லை" என்று எறிந்துவிடுவார்கள். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் அடக்கி, காரம் போனபின் மறுபடி மெல்ல வேண்டும். தேநீர், சோடா குடித்து 15 நிமிடத்துக்குப் பிறகே வாயில் போடவும்.

வெற்றிலை போட்டவர்களுக்குப் பல் கெட்டிருக்கும், பிடுங்கப் போவார்கள். இரத்தம் நிற்காது என்று அஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் நாமாகவே நிறுத்திவிடக்கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அந்தக் குளிசையை விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் கட்டியாகி, முதல் மாரடைப்பைவிட மோசமான ஒன்று வரலாம். பல் டொக்டரிடம் டயக்னோசிஸ் கார்டைக் காட்டி, இருதய கிளினிக்கைக் கேட்டபிறகே எதுவும்.

கூட்டாளி, மரணவீடு, நோன்பு

"ஒண்டு பத்து மச்சான், ஒண்டும் செய்யாது" என்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அதனால்தான் மறுப்பது கஷ்டம். "முயற்சி பண்ணுறன்" என்று சொன்னால் இன்னொரு தரம் நீட்டுவார்கள். "ஸ்டென்ட் வைச்சிருக்கு, நான் இப்ப பத்துறல்ல" என்று முடித்துவிடுங்கள். மரணவீட்டில் இரவு விழித்திருக்கும்போதும், கலியாணவீட்டில் வட்டா சுற்றும்போதும், அறுவடைக் காலத்தில் வாடியில் தங்கும்போதும்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். முதல் மூன்று மாதம் மரணவீட்டுக்குப் பகலில் போய், கைகொடுத்துவிட்டு வாருங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

நோன்பு பிடிப்பவர்கள் 13 மணித்தியாலத்துக்கு மேல் சிகரட் இல்லாமல் இருந்து பழகியவர்கள். அவர்களுக்குக் கஷ்டமான நிமிடம் ஒன்றுதான், நோன்பு திறந்தவுடன். அந்த முதல் சிகரட் வெறும் வயிற்றுக்கும் வற்றிய இரத்தத்துக்கும் மேல் விழுகிறது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நேராகத் தொழுகைக்கு எழும்பிவிடுவது அந்த நிமிடத்தைக் கடத்திவிடும். இந்த வருடம் நோன்பு பிடிக்கலாமா, குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

ஒன்று பத்திவிட்டால்? பெட்டியில் மிச்சம் இருப்பதை அந்த இடத்திலேயே நனைத்து எறியுங்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், அடுத்த தடவை அந்த இடத்துக்குப் போகாமல் இருக்க அது உதவும். வெட்கத்தில் கிளினிக்குக்குப் போகாமல் விடுவதும் குளிசையை நிறுத்துவதும்தான் உண்மையான சேதம். புகை விடுவதற்கான ஆலோசனைக்கு 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நெஞ்சுவலி வந்தால்

நடையை நிறுத்தி உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் குளிசை தந்திருந்தால் ஒன்று வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழுவீர்கள். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், வரும்வரை இரண்டாவதை வைக்கலாம். மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். அந்தக் குளிசையை வந்த கண்ணாடிப் போத்தலிலேயே வையுங்கள், கடதாசியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் வெப்பத்தில் வீரியம் போய்விடும். திறந்து 8 கிழமைக்குப்பின் புதிது வாங்குங்கள். ஆண்மைக்குறைவுக்கு எடுக்கும் குளிசைகளோடு இது சேரவே கூடாது.

ஆறாம் கிழமைக்குப்பின்

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவில் இருதய புனர்வாழ்வு வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே ஒழுங்காகச் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கிளினிக்குக்குப் போகும்போது குளிசைகளைப் பையோடும், நடந்த நிமிடங்களும் சிகரட் பத்தாத நாட்களும் எழுதிய கொப்பியையும் கொண்டுபோங்கள். வயலில் இறங்கலாமா, வலை இழுக்கலாமா, மண்வெட்டி பிடிக்கலாமா என்று தொழிலின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால், டொக்டர் கதிரையில் இருந்து செய்யும் வேலையை நினைத்து "ஓம்" என்று விடுவார். பாரமான வேலை என்றால் எக்கோவையும், நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜியையும் பார்த்தபிறகுதான் அவரால் சொல்ல முடியும்.